14 நாள் நிகழ்வில் இரண்டாம் வாரமே ஆட்டக்காரர்கள் விலகுவது ஏன்?

பனைநிழல்:
எங்கள் கைப்பேசி ஆட்டத்தில் 14 நாள் நிகழ்வு ஒன்றை நடத்தினோம். தினப்பணிகளை முடித்தால் நாளுக்கு 200 டோக்கன் கிடைக்கும். இறுதிப் பரிசான சிறப்புக் கதாபாத்திரத்தின் விலை 2,800 டோக்கன். கூடவே 28 நாள் வருகைப் பரிசும் உண்டு. ஒரு நாள் தவறினால் அது முதல் நாளுக்குத் திரும்பிவிடும். முதல் வாரத்தில் வருகை உயர்ந்தது, இரண்டாம் வாரத்தில் சரிந்தது, நிகழ்வு முடிந்ததும் வழக்கமான அளவுக்கும் கீழே போய்விட்டது. பரிசைக் கூட்டுவதா, நாள்களைக் குறைப்பதா?

நெடுவழி:
இரண்டையும் தொடுவதற்கு முன் 200-ஐ 14-ஆல் பெருக்கிப் பாருங்கள். சரியாக 2,800 வருகிறது. ஆகவே அந்தப் பாத்திரத்தைப் பெற ஒரு நாள்கூடத் தவறக் கூடாது. மூன்றாம் நாள் வர இயலாத ஒருவருக்கு, திரையில் இன்னும் பதினொரு நாள் மீதமிருப்பதாகக் காட்டினாலும், நிகழ்வு அன்றே முடிந்துவிட்டது. முதல் வாரத்தில் இப்படி ஒரு நாள் தவறியவர்கள்தாம் இரண்டாம் வாரத்தில் காணாமல் போகிறார்கள். நிகழ்வில் சேர்ந்தவர்கள் கடைசியாக எத்தனை டோக்கனோடு நின்றார்கள் என்று பிரித்துப் பாருங்கள். பாதி வழியில் பெருங்கூட்டமும் இறுதிக் கோட்டில் சிறுகூட்டமும் இருந்து, இடையில் எவரும் இல்லாவிட்டால் காரணம் இதுதான்.

விலையை 1,800 ஆக்கிவிட்டு, தவறிய நாள்களின் பணிகள் மூன்று நாள் அளவுக்குச் சேர்ந்திருக்கும்படி செய்யலாம். ஹார்த்ஸ்டோன் தன் தொடக்க ஆண்டுகளிலேயே தினப்பணிகளை மூன்று வரை சேர்த்து வைத்துக்கொள்ள விட்டது. இந்த ஏற்பாட்டில் ஒன்பது நாள் பணிகள் போதும்; எட்டாம் நாள் முதன்முறையாக ஆட்டத்தைத் திறப்பவருக்கும், முந்தைய இரண்டு நாள் பணிகள் காத்திருப்பதால், கணக்குச் சரியாக முடியும். ஆனால் சேர்ந்திருக்கும் பணிகள் அனைத்தையும் ஒரே திரையில் அடுக்கிக் காட்டாதீர்கள். ஒரு நாள் பணிக்கு இருபது நிமிடம் பிடிக்குமானால், ஒரு மணி நேர வேலை கடன்போலக் கண்முன் நிற்கும். ஒன்றை முடித்த பின் அடுத்ததைக் காட்டினால் போதும்.

வெண்கலம்:
நெடுவழி அவர்களின் கணக்கையே நீட்டிப் பார்க்கிறேன். மூன்று நாள் பணிகள் சேர்ந்திருக்கும், ஒன்பது நாள் பணிகள் போதும் என்றால், பதினான்கு நாளில் மூன்றே முறை வந்தாலும் பாத்திரம் கிடைத்துவிடும். அப்படியானால் இதை நிகழ்வு என்று அழைப்பானேன்? காலவரம்பு தரும் நெருக்கடியை எடுத்துவிட்டால் எவரும் இன்றைக்கே வரவேண்டியதில்லை. இன்னொன்றையும் மறக்க வேண்டாம். குறையும் டோக்கன்களைப் பணம் கொடுத்து வாங்கும் பொதிகள் கடைசி இரண்டு நாள்களில்தான் விற்கின்றன. எல்லோருக்கும் எளிதாக எட்டிவிட்டால் அந்த வரவும் போய்விடும். சர்வருக்கும் சம்பளத்துக்கும் யார் கொடுப்பது? வருகைப் பரிசு முதல் நாளுக்குத் திரும்புவதிலும் குற்றமில்லை. எங்கள் ஆட்டத்தில் இருபது நாள் தொடர்ச்சியை எட்டியவர்கள் பெரும்பாலும் விலகுவதே இல்லை.

சிறுதுளி:
இடையில் புகுவதற்குப் பொறுத்தருள்க. எனது புதிர் ஆட்டத்திலும் ஆட்டக்காரர்கள் வருகைப் பரிசை வெறுக்கிறார்கள் என்றே நினைக்கிறேன், ஏனெனில் பலர் கைப்பேசியின் தேதியை மாற்றி ஒரே மாலையில் ஒரு வாரப் பரிசுகளையும் எடுத்துக்கொள்கிறார்கள். எனது ஆட்டத்துக்குச் சர்வர் கிடையாது. இதை எப்படித் தடுப்பது?

நெடுவழி:
சிறுதுளி, அது சலிப்பல்ல, பரிசை விரும்புவதன் அடையாளம். உங்கள் ஆட்டத்தில் லீடர்போர்டோ பிறரோடு போட்டியோ இல்லையென்றால் விட்டுவிடுங்கள். தடுத்தே ஆகவேண்டுமானால், கடைசியாகப் பரிசு எடுத்த நேரத்தைச் சேமித்து, இப்போதைய நேரம் அதற்கு முந்தையதாக இருந்தால் பரிசை நிறுத்தி வைக்கலாம். தேதியை முன்னோக்கித் தள்ளுபவரை அது உடனே தடுக்காது. ஆனால் அவர் தேதியைச் சரிசெய்த பின், உண்மையான நாள் அங்கே வந்து சேரும்வரை காத்திருக்க நேரும்.

வெண்கலம் அவர்களுக்கு: இருபது நாள் தொடர்ச்சி அவர்களைத் தக்கவைத்ததா, அல்லது எப்படியும் தினமும் வரக்கூடியவர்கள்தாம் இருபதை எட்டினார்களா? உங்கள் கணக்கு இவ்விரண்டையும் பிரித்துக் காட்டாது. புதிதாகச் சேர்பவர்களைச் சீட்டுக் குலுக்கியதுபோல் இரண்டு பாதியாகப் பிரியுங்கள். ஒரு பாதிக்குத் தவறினால் முதல் நாளுக்குத் திரும்பும் வரிசையையும், மறுபாதிக்கு வந்த நாள்களை மட்டும் எண்ணி, தவறிய இடத்திலேயே காத்திருக்கும் வரிசையையும் கொடுங்கள். இரண்டிலும் பரிசுகள் ஒன்றே. இரண்டு மாதம் கழித்து எந்தப் பாதியில் அதிகம் பேர் மிஞ்சுகிறார்கள் என்று பாருங்கள். அன்றாட வருகை எண்ணிக்கையை மட்டும் நம்ப வேண்டாம். பரிசை எடுத்துவிட்டு ஒரு நிமிடத்துக்குள் ஆட்டத்தை மூடுபவரும் அதில் ஒரு வருகையாகவே பதிவாகிறார். பரிசுக்குப் பின் ஓர் ஆட்டமாவது ஆடியவர்களைத் தனியே எண்ணுங்கள்.

மணல்மேடு:
இந்தச் சோதனைகள் எல்லாம் எதற்கு? தினமும் வரச் சொல்லிப் பரிசு கொடுப்பதே தவறான வழி. 2023 டிசம்பரில் சீன அரசு வெளியிட்ட வரைவு விதிகளே தினசரி வருகைப் பரிசுக்குத் தடை விதித்தன. மொத்தமாக நீக்கிவிடுங்கள்.

வெண்கலம்:
பாதியை விட்டுவிட்டீர்கள். அந்த வரைவு வெளியான அன்றே பெரிய ஆட்ட நிறுவனங்களின் பங்குகள் கடுமையாகச் சரிந்தன. 2024 ஜனவரியில் அது அரசின் இணையதளத்திலிருந்தே அகற்றப்பட்டது. மேலும், ஏற்கெனவே பரிசு பெற்றுப் பழகியவரிடமிருந்து அதை எடுத்தால், நன்மை செய்ததாக எவரும் நினைக்கமாட்டார்.

மணல்மேடு:
வரைவு விலக்கப்பட்டது என்பதால் அதன் பின்னிருந்த கவலை பொய்யாகிவிடாது. ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் ஆட்டத்தில் திடீரென்று நீக்குவது கடினம் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

பனைநிழல்:
டோக்கன் கணக்கைப் பிரித்துப் பார்த்தேன். நெடுவழி சொன்னவாறே 600-க்கும் 1,000-க்கும் இடையில் பெருங்கூட்டம் நிற்கிறது, 2,800-இல் சிலர், நடுவில் ஏறக்குறைய வெறுமை. அடுத்த நிகழ்வில் விலையை 2,000 ஆக்கி, இரண்டு நாள் பணிகள் மட்டும் சேர்ந்திருக்கும்படி வைக்கலாம் என்று எண்ணுகிறேன். அப்போது குறைந்தது ஐந்து முறை வரவேண்டும். ஆறாம் நாள் தொடங்குபவருக்கும் முந்தைய நாள் பணி சேர்ந்து பத்து நாள் பணிகள் கிடைக்கும். எஞ்சும் 800 டோக்கனுக்கு மேம்பாட்டுப் பொருள்கள் வைத்தால் தினமும் வருபவருக்கும் பயன் இருக்கும். வருகைப் பரிசில் புதியவர்களை இரண்டாகப் பிரித்துச் சோதிக்கப் போகிறோம்.

நெடுவழி:
நன்று. அந்த 800-க்கு வைக்கும் பொருள்கள் போட்டியில் வலுவைக் கூட்டுபவையாக இருந்தால் மட்டும் எச்சரிக்கை தேவை. தினமும் வராதவர் பின்தங்குவார் என்ற நிலை வந்தால், விலையைக் குறைத்தும் பழைய கட்டாயமே வேறு வடிவில் திரும்பிவிடும். இந்த நிகழ்வு முடிந்த மறுநாளே அடுத்ததைத் தொடங்காமல் ஒரு வாரமாவது வெறுமனே விடுங்கள். அந்த வாரத்தில் எத்தனை பேர் பரிசு எதுவும் இல்லாமலேயே வந்து ஆடுகிறார்கள் என்பது, நிகழ்வு நாள்களின் எந்த வரைபடத்தையும்விட அதிகம் சொல்லும். உங்கள் குழுவுக்கும் மூச்சுவிட நேரம் கிடைக்கும். ஓய்வின்றி நிகழ்வு தயாரிப்பவர்கள் பழையதையே வண்ணம் மாற்றி அனுப்பத் தொடங்குவார்கள்.

வெண்கலம்:
ஐந்து முறை என்பது மூன்றைவிட மேல். ஆயினும் பொதி விற்பனை குறித்து எவரும் விடை சொல்லவில்லை. இரண்டு நாள் தவறினாலும் பாத்திரம் கிடைக்கும் என்று தெரிந்தவர் கடைசி நாளில் எதற்காகப் பொதி வாங்குவார்?

நெடுவழி:
கடைசி நாளில் வாங்குபவர்கள் குறைவார்கள், அதை மறுக்கவில்லை. ஆனால் இப்போது 800 டோக்கனில் நின்றுவிட்டவருக்கு இன்னும் 2,000 தேவை. அவ்வளவு தூரத்துக்கு அவர் பொதி வாங்கமாட்டார். புதிய ஏற்பாட்டில் 1,600, 1,800 என்று நிற்பவர்கள் கூடுவார்கள். சிறிய பொதி ஒன்று அவர்களுக்குப் போதும். மொத்த வரவு ஏறுமா இறங்குமா என்பதை, பனைநிழல் அந்தப் பொதியை முதல் நாளிலிருந்தே விற்கிறாரா, கடைசி இரண்டு நாளுக்கென்று ஒதுக்கி வைக்கிறாரா என்பதும் தீர்மானிக்கும். முதல் நாளிலிருந்தே விற்பது நேர்மையானது என்பது என் கருத்து.

வெண்கலம்:
முதல் நாளில் எவருக்கும் எதுவும் குறைந்திருக்காதே, யார் வாங்குவார்? பனைநிழல், இரண்டு வகையிலும் விற்றுப் பார்த்துவிட்டு எண்களோடு இங்கே வாருங்கள். அதுவரை என் நிலை மாறாது.