தீப் பாதுகாப்புக்குப் படிக்கட்டைச் சுவர் வைத்து அடைத்தால் மட்டும் போதுமா? வழி சொல்லுங்கள்

வணக்கம். தரைத்தளத்தில் கடை, மேலே இரண்டு தளங்களில் அலுவலகம் என்று ஒரு சிறிய கட்டடத்தைப் புதுப்பிக்கிறோம். ஒவ்வொரு தளமும் 20 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம். முன்மூலையில் ஒரே படிக்கட்டு, அதுவும் திறந்த படிக்கட்டு.

வரைபடத்தில் பின்மூலையிலிருந்து படிக்கட்டுக்கு நேர்கோடு போட்டால் 21 மீட்டர்தான். தீப்பிடித்தால் வெளியேறும் படிக்கட்டை அடைய நடக்க வேண்டிய தூரத்துக்கு எங்களுக்கான வரம்பு 30 மீட்டர் என்பதால் நிம்மதியாக இருந்தேன். பிறகு நாடாவைப் பிடித்துக்கொண்டு நடந்தே அளந்தேன். தடுப்புகளையும் மேசை வரிசைகளையும் சுற்றி வந்ததில் 34 மீட்டர்! ஆள் நடக்கும் பாதைதானே கணக்கு? அந்தத் தூரமும் தீத்தடுப்புச் சுவரும் கதவும் உள்ள படிக்கட்டின் வாசலில்தான் முடியும். திறந்த படிக்கட்டு, கீழே பற்றும் புகையை மேலே இழுக்கும் புகைபோக்கியாகிவிடும்.

ஆகவே ஒரு மணி நேரம் தீ தாங்கும் சுவரும் தானாக மூடும் கதவும் வைத்து அடைக்க முடிவு செய்திருக்கிறோம். நடுத்தடுப்பை நீக்கினால் தூரம் 28 மீட்டராகக் குறைகிறது.

என்னை உறுத்துவது வேறு. படிக்கட்டின் அடியில் மின்மீட்டர் பலகை இருக்கிறது. இறங்கி வருபவர் கடைக்குள் நுழைந்துதான் தெருவுக்குப் போக முடியும். கடையில் தீ என்றால் அடைத்த படிக்கட்டே பொறியாகிவிடாதா?

பலகையை வெளியே மாற்றி, படிக்கட்டிலிருந்து நேரே தெருவுக்கு ஒரு கதவு திறந்தால் போதுமா, அல்லது பின்பக்கம் இரண்டாவது படிக்கட்டும் கட்டாயமா? இப்படிப் பழைய கட்டடத்தைத் திருத்தியவர்கள் சொல்லுங்கள். அடுத்த வாரம் சுவர் வேலை தொடங்குகிறது.