சித்தியின் வத்தக்குழம்பு வகுப்பு: குடும்பக் குழுவில் ஒரு ஞாயிறு

காலை 7:12
மீனா சித்தி: நேற்று இணையத்தில் நடத்திய ஒத்திகை வகுப்பில் இருந்தவர்கள் கூச்சப்படாமல் சொல்லுங்கள். அடுத்த சனிக்கிழமை காசு வாங்கிக்கொண்டு நடத்துவதாக வாய் கொடுத்துவிட்டேன். எங்கே கோட்டை விட்டேன்?

7:20
காவ்யா: கோபித்துக்கொள்ளாதீர்கள் சித்தி. என் குழம்பை யாராலும் வாயில் வைக்க முடியவில்லை. அவ்வளவு புளிப்பு.

7:21
மீனா சித்தி: எலுமிச்சை அளவு புளி என்றுதானே எழுதியிருந்தேன்?

7:24
காவ்யா: சிங்கப்பூரில் நான் வாங்கும் மஞ்சள் எலுமிச்சை என் கைப்பிடி அளவு இருக்கிறது. அந்த அளவுக்குப் பாட்டில் புளி விழுதைப் போட்டேன். என்னிடம் இருந்தது அதுதான்.

7:25
மீனா சித்தி: ஐயோ! அது கல்யாண வீட்டுக்கே போதுமே!

7:31
பத்மா பெரியம்மா: மீனா, வகுப்பில் சேர்ந்தால் சுண்டைக்காய் வற்றலைப் பார்சலில் அனுப்புவாயா? எனக்கும் கால் கிலோ சேர்த்து வாங்கு. ரங்கநாதன் தெருப் பக்கம் போக என் முழங்கால் இடம் கொடுக்கவில்லை.

7:33
மீனா சித்தி: அக்கா, பொருளை அவரவர் வாங்கிக்கொள்ள வேண்டும். நான் பட்டியல் மட்டும்தான் அனுப்புகிறேன். உங்களுக்கு நான் நேரில் கொண்டுவருகிறேன்.

7:48
வசந்தா அத்தை: இணையத்தில் சமையல் வகுப்பு எடுப்பது அடையாற்றில் உட்கார்ந்து நாலைந்து வருடமாக நான் செய்கிற வேலை. பட்டியலில்தான் பாதி வகுப்பு இருக்கிறது மீனா. முதலில் நீ நேற்றுப் போட்ட அளவு புளியை எடுத்துத் தராசில் வை.

7:55
மீனா சித்தி: வைத்தேன். 30 கிராம். நான்கு பேருக்கு.

8:02
வசந்தா அத்தை: அப்படியே எழுது: "கொட்டை, நார் நீக்கிய புளி 30 கிராம்." கீழேயே, "பாட்டில் விழுது என்றால் ஒரு தேக்கரண்டியில் தொடங்குங்கள், கொதித்த பிறகு ருசி பார்த்துக் கூட்டுங்கள்" என்று சேர். ஒவ்வொரு பாட்டிலும் ஒவ்வொரு கெட்டி, அதனால் விழுதுக்கு இவ்வளவுதான் என்று ஓர் அளவு சொல்லாதே. உப்பும் அப்படித்தான். நீ கல் உப்பை அள்ளிப் போடுகிறாய், அவர்கள் அதே கரண்டியில் தூள் உப்பைப் போட்டால் கரிக்கும். கிராமில் சொன்னால் சண்டை இல்லை. "ஒரு கப்" என்பதையும் விட்டுவிடு. உன் வீட்டு டம்ளர் வேறு, அமெரிக்கக் கப் 240 மில்லி.

8:04
வசந்தா அத்தை: இன்னொன்று. வகுப்பு தொடங்கும் முன்பே முடித்திருக்க வேண்டியதைத் தனியாக எழுது. புளியை வெந்நீரில் இருபது நிமிடம் முன்பே ஊறவைப்பது, சின்ன வெங்காயம் உரிப்பது. நேற்று எல்லோரும் வெங்காயம் உரித்ததைப் பார்த்துக்கொண்டே பாதி நேரம் போயிற்று என்று கேள்விப்பட்டேன்.

8:06
காவ்யா: உண்மை. அதனால்தான் குழம்பு கொதிக்கும்போது இணைப்பே போய்விட்டது.

8:10
ராகவன்: அது என் தவறு. ஜூம் செயலியின் இலவசக் கணக்கில் வைத்தேன், 40 நிமிடத்தில் கூட்டம் தானாக முடிந்துவிட்டது. சனிக்கிழமைக்குக் கட்டணக் கணக்கு எடுத்துவிடுகிறேன். ஆனால் கேமராவை நன்றாகத்தானே வைத்தேன்? அடுப்புக்கு நேர் மேலே, சமையல் காணொளிகளில் வைப்பது போலவே.

8:13
காவ்யா: அண்ணா, பத்து நிமிடத்துக்குப் பிறகு வெறும் வெள்ளைப் புகைதான் தெரிந்தது.

8:21
வசந்தா அத்தை: ராகவா, நேர் மேலே வைப்பது காய் நறுக்குகிற பலகைக்கும் மாவு பிசைவதற்கும் சரி. கொதிக்கிற பாத்திரத்துக்கு ஆகாது. ஆவி லென்ஸில் படியும், சூட்டில் கைபேசியும் காய்ந்து நின்றுவிடும். அடுப்புக்கு எதிர்ப்பக்கம் இடம் இல்லையென்றால் பக்கவாட்டில், ஒரு கை நீளம் தள்ளி, சாய்வாகக் கீழே பார்க்கிற மாதிரி வை. அங்கிருந்து பாத்திரத்தின் உள் ஓரம் தெரிய வேண்டும். குழம்பு ஆனதற்கு அடையாளமே ஓரத்தில் எண்ணெய் பிரிந்து நிற்பதுதானே.

8:23
மீனா சித்தி: அதைத்தான் "பாருங்கள், பாருங்கள்" என்று கத்தினேன். யாருக்கும் தெரியவில்லையாம்.

8:27
வசந்தா அத்தை: எப்படித் தெரியும்? உன் குழம்பு கறுப்பு, உன் பாத்திரம் பளபளக்கிற எவர்சில்வர். கேமரா அந்தப் பளபளப்புக்கு ஏற்பத் தன்னைச் சரிசெய்துகொள்ளும், குழம்பு தார் போலாகிவிடும். ஒரு கரண்டி எடுத்து வெள்ளைத் தட்டில் ஊற்றிச் சாய்த்துக் காட்டு. எண்ணெய் தனியாக ஓடுவது பளிச்சென்று தெரியும். நான் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அப்படிக் காட்டுவேன்.

8:30
காவ்யா: கடுகு வெடித்த சத்தமும் எனக்குக் கேட்கவில்லை. சித்தி "இப்போது வெந்தயம்" என்றபோது என் கடுகு இன்னும் சும்மா கிடந்தது.

8:34
ராகவன்: இரைச்சல் நீக்கம் முழு அளவில் இருந்தது. எக்ஸாஸ்ட் ஃபேனை அடக்குவதற்காக வைத்தேன். அது கடுகையும் இரைச்சல் என்று நினைத்து விழுங்கியிருக்கிறது போல.

8:36
வசந்தா அத்தை: அதேதான். இரைச்சல் நீக்கத்தைக் குறைத்துவிட்டு, தாளிக்கும் அந்த ஒரு நிமிடம் மட்டும் ஃபேனை நிறுத்து. மீனா முகத்துக்கு வைத்த மடிக்கணினியில் மட்டும் மைக் இருக்கட்டும். அடுப்பைக் காட்டும் கைபேசியில் மைக், ஒலி இரண்டையும் அணைத்துவிடு, இல்லையென்றால் ஊளையிடும்.

9:15
சுந்தர் மாமா: இப்போதுதான் பார்த்தேன். கட்டணம் ஆளுக்கு 100 ரூபாய் வை மீனா. குறைவாக இருந்தால் நாற்பது பேர் வருவார்கள், 4,000 ரூபாய். ஜிஎஸ்டி 18 சதவீதத்தையும் மறக்காமல் சேர்த்து வாங்கு.

9:22
ராகவன்: மாமா, சேவைக்கு ஆண்டு வரவு 20 லட்சம் தாண்டினால்தான் பதிவு. பதிவு இல்லாமல் ஜிஎஸ்டி வாங்கவே கூடாது.

9:24
சுந்தர் மாமா: சித்தி 20 லட்சம் சம்பாதிக்க மாட்டாள் என்று நீயே முடிவு செய்துவிட்டாயா? 😄

9:33
வசந்தா அத்தை: நாற்பது பேரின் அடுப்பை யார் பார்ப்பது அண்ணா? எட்டுப் பேர் என்றால் எட்டுப் பாத்திரத்தையும் திரையில் பார்த்து, "உங்கள் தீ அதிகம்" என்று சொல்லலாம். எட்டுப் பேருக்கு 500 வைத்தாலும் அதே 4,000. கணக்கைப் பாருங்கள்: வகுப்பு ஒன்றரை மணி, முதல் நாளே ஒருமுறை சமைத்துப் பார்க்க ஒன்றரை மணி, பட்டியல், சந்தேகம், கடை எல்லாம் சேர்த்து மூன்று மணி. ஆக ஆறு மணி. இரண்டு முறை சமைக்கிற சாமான், மின்சாரம், செயலிக் கட்டணம் என்று 700 போனால் 3,300. மணிக்கு 550 ரூபாய். 300 ரூபாய்க்கு இறங்கினால் மணிக்கு 280 சொச்சம்தான்.

9:35
மீனா சித்தி: தெரிந்தவர்களிடம் 500 கேட்க எனக்கு வாய் வராது.

9:36
வசந்தா அத்தை: தெரிந்தவர்களுக்கு 400 வை. ஆனால் முன்பணமாக வாங்கு. வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராதவர்களின் இடம் வீண்.

10:02
காவ்யா: வகுப்பின் காணொளிப் பதிவு கிடைக்குமா சித்தி? மாலை 6 மணி என்றால் இங்கே 8:30, குழந்தை தூங்கும் நேரம். நான் பிறகு பார்த்துச் செய்வேன்.

10:05
பத்மா பெரியம்மா: பதிவு கொடுத்தால் ஊர் முழுவதும் சுற்றும். என் மகள் சீமந்தக் காணொளியே யார் யாரோ கைபேசியில் இருக்கிறது.

10:11
ராகவன்: யூடியூபில் பட்டியலிடாத இணைப்பாகப் போட்டால் இணைப்பு யார் கைக்குப் போனாலும் திறக்கும். கூகுள் டிரைவில் அவரவர் மின்னஞ்சலுக்கு மட்டும் அனுமதி கொடுத்து, பதிவிறக்கத்தைத் தடுக்கலாம். திரையைப் பதிவுசெய்பவரை யாராலும் தடுக்க முடியாது.

10:16
வசந்தா அத்தை: நான் 15 நாள் வைத்திருந்து எடுத்துவிடுவேன். அடுப்புக் கேமராவை மட்டும்தான் பதிவுசெய்வேன், கற்பவர்களின் சமையலறையும் முகமும் வரவே கூடாது. ஒருமுறை ஒருவர் வீட்டில் நடந்த சண்டை பதிவில் விழுந்துவிட்டது, அன்றிலிருந்து இந்த ஏற்பாடு.

10:18
சுந்தர் மாமா: யார் வீடு?

10:19
வசந்தா அத்தை: சொல்ல மாட்டேன்.

10:24
மீனா சித்தி: பதிவு இருக்கிறது என்று தெரிந்தால் நேரத்துக்கு யாரும் வரமாட்டார்களோ என்று பயமாக இருக்கிறது. நேரலையில் வந்தவர்களுக்கு மட்டும் கொடுக்கலாமா, காவ்யா மாதிரி இருப்பவர்களுக்குத் தனிக் கட்டணம் வைக்கலாமா, தெரியவில்லை. வியாழக்கிழமை வரை யோசிக்கிறேன். ராகவா, மாலை வந்து அந்தக் கேமரா முக்காலியைப் பக்கவாட்டுக்கு மாற்று.

10:26
ராகவன்: வருகிறேன் சித்தி. நேற்றைய குழம்பு மிச்சம் இருக்கிறதா?