சின்ன ரவுட்டர் வழியா டிவிக்கு நெட் வருது, அதே ரவுட்டர்ல பிரிண்டர் மட்டும் கிடைக்கல. உதவி வேணும்

குலசேகரம்_டைப்பிங்:
வீட்டு முன்ரூம்ல டைப்பிங், ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன். மெயின் ரவுட்டர் உள்ள ஹால்ல இருக்கு. நடுவுல பழைய வெட்டுக்கல் சுவர், கேபிள் இழுக்க வழியில்ல. கடைல இருக்கற லேசர் பிரிண்டர்ல வைஃபை கிடையாது, லேன் போர்ட் மட்டும்தான். அதனால ஒரு சின்ன ரவுட்டர் வாங்கி, வீட்டு வைஃபைய அதுல பிடிச்சு, அதோட லேன் போர்ட்டை முதல்ல டிவில மாட்டினேன். படம் நல்லா ஓடிச்சு. அதே ஒயரை பிரிண்டர்ல மாட்டினா லேப்டாப்புக்கு பிரிண்டர் தெரியவே இல்ல. லேப்டாப் வீட்டு வைஃபைலதான் இருக்கு. பிரிண்டர் போர்ட் போயிருக்குமா?

மார்த்தாண்டம்_சிஸ்டம்ஸ்:
லேப்டாப்ல ஃபயர்வாலை ஆஃப் பண்ணிப் பாருங்க. இல்லன்னா சின்ன ரவுட்டரை Range Extender-ல போடுங்க, அதுலயும் லேன் போர்ட் வேலை செய்யும்.

கருங்கல்_நெட்வொர்க்:
ஃபயர்வாலைத் தொடாதீங்க, அது இங்க காரணமா தெரியல. Range Extender-ல பிரிண்டர் கிடைக்கும், சரிதான். ஆனா அது வீட்டு வைஃபையை வாங்கி மறுபடி பரப்பும். ஒரே ரேடியோதான்னா வேகம் பாதியாகும். ஒரு பிரிண்டருக்கு அது தேவையில்ல.

தங்கச்சி, பிரிண்டர்ல செட்டிங்ஸ் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்து ஐபி நம்பரைப் பாருங்க. லேப்டாப்போட நம்பரும் வேணும்.

குலசேகரம்_டைப்பிங்:
பிரிண்டர் 192.168.0.100. லேப்டாப் 192.168.1.7.

கருங்கல்_நெட்வொர்க்:
அப்போ போர்ட் நல்லாத்தான் இருக்கு. மூணாவது எண்ணைப் பாருங்க: ஒண்ணுல 0, இன்னொண்ணுல 1. சின்ன ரவுட்டர் இப்போ WISP மோட்ல இருக்கு. அது தனக்குப் பின்னால தனி நெட்வொர்க் ஒண்ணை உண்டாக்கி, பிரிண்டருக்கு தானே நம்பர் குடுக்குது. டிவி உள்ளேயிருந்து வெளியே போய் கேக்குது, பதில் திரும்பி வந்துருது. பிரிண்டருக்கோ லேப்டாப் வெளியேயிருந்து உள்ள வரணும். அந்த வழி அடைச்சிருக்கு.

மோடை Client-க்கு மாத்துங்க. அதுல தனி நெட்வொர்க் இல்ல, மெயின் ரவுட்டரே பிரிண்டருக்கு நம்பர் குடுக்கும். ஒண்ணு நினைவு வைங்க, Client-ல பல சின்ன ரவுட்டர்கள் தன் வைஃபையை நிறுத்திரும். போன்ல தேடினா வராது. லேப்டாப்பை லேன் ஒயர்ல மாட்டித்தான் செட்டிங்ஸ் திறக்கணும். சின்ன ரவுட்டருக்கு 192.168.1.250 குடுங்க, DHCP ஆஃப். முதல்ல மெயின் ரவுட்டர் எதுவரைக்கும் நம்பர் பங்கிடுதுன்னு பாருங்க, அதுக்கு வெளிய இருக்கணும்.

குளச்சல்_டிவி:
அண்ணா, எனக்கும் இதே மாதிரி சின்ன ரவுட்டர்தான், டிவி யுஎஸ்பிலயே பவர் குடுத்திருக்கேன். படம் ஓடுது, ஆனா போன்லேர்ந்து டிவிக்கு அனுப்பினா டிவி பேரே வரல. டிவி ஆஃப் பண்ணி ஆன் பண்ணினா நெட் வர ரொம்ப நேரமும் ஆகுது.

கருங்கல்_நெட்வொர்க்:
முதலாவது பெரும்பாலும் இதே கதைதான், மோடைப் பாருங்க. ரெண்டாவது, டிவி அணைஞ்சா யுஎஸ்பி பவரும் போகுது, ரவுட்டர் மறுபடி முதல்லேர்ந்து எழும்புது. போன் சார்ஜர்ல குடுத்துப் பாருங்க.

குலசேகரம்_டைப்பிங்:
Client போட்டேன். இப்ப பிரிண்டர் ஐபி 169.254-ல ஆரம்பிக்குது.

கருங்கல்_நெட்வொர்க்:
மெயின் ரவுட்டர் குடுக்கற நம்பர் பிரிண்டருக்கு வந்து சேரல. சின்ன ரவுட்டர் வீட்டு வைஃபையில சேரலன்னு தோணுது. பாஸ்வேர்டைச் சரி பாருங்க. அப்புறம் மெயின் ரவுட்டர்ல பாதுகாப்பு WPA3 மட்டும்னு இருந்தா WPA2-ம் ஏத்துக்கற மாதிரி மாத்துங்க. சின்ன ரவுட்டர் 2.4 GHz மட்டும்னா, 5 GHz பேரை அதால பாக்கவே முடியாது.

குலசேகரம்_டைப்பிங்:
WPA3-தான் இருந்துச்சு! மாத்தினதும் சேர்ந்துருச்சு. ஐபி 192.168.1.31. ஆனா லேப்டாப் இன்னும் ஆஃப்லைன்னு சொல்லுது.

கருங்கல்_நெட்வொர்க்:
முன்னாடி பிரிண்டரைச் சேர்க்கப் பாத்தப்ப போட்ட 192.168.0.100 போர்ட்தான் விண்டோஸ்ல இன்னும் கிடக்கும். முதல்ல பிரிண்டர்லயே நிலையான ஐபி 192.168.1.240 வைங்க. மெயின் ரவுட்டர்ல பிரிண்டரோட மேக் முகவரிக்கு நம்பர் ஒதுக்கினா எப்பவும் சரிவராது. சில சின்ன ரவுட்டர்கள் பின்னால இருக்கறதையும் தன்னோட ஒரே மேக்லதான் காட்டும். அப்புறம்:

```
ping 192.168.1.240
```

பதில் வந்தா பிரிண்டர் பிராப்பர்ட்டீஸ்ல Ports போய், Standard TCP/IP Port-ஆ புது நம்பரைச் சேருங்க.

குலசேகரம்_டைப்பிங்:
பிரிண்ட் வந்துருச்சு அண்ணா, ரொம்ப நன்றி! ஆனா ஒண்ணு: கரண்ட் போய் வந்தா பிரிண்டர் ஆஃப்லைன் ஆகுது, சின்ன ரவுட்டரை மட்டும் ஒரு தடவை பிடுங்கி மாட்டினா சரியாகுது.

மார்த்தாண்டம்_சிஸ்டம்ஸ்:
மெயின் ரவுட்டர் எழும்பறதுக்கு முன்னாடியே அது எழும்பி வைஃபையைத் தேடி விட்டுருதோ?

கருங்கல்_நெட்வொர்க்:
இருக்கலாம். இல்லன்னா மெயின் ரவுட்டர் ஒவ்வொரு தடவையும் சேனல் மாத்துதா இருக்கும். அதுல சேனலை ஆட்டோலேர்ந்து 6-ல நிறுத்தி, அடுத்த தடவை கரண்ட் போகும்போது பாத்துட்டு எழுதுங்க.