ஒவ்வோர் உள்ளீட்டுக்கும் தனியே நிற்கும் படவமைப்புக்கு என்ன சொல்?

செ.மு. எழுதியது:

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

வீட்டுக் கருவிகளுக்கான உதவிக் குறிப்புகளைத் தமிழில் எழுதிவருகிறேன். ஒரே தொலைக்காட்சியை கேம் கன்சோல், மடிக்கணினி, ஸ்ட்ரீமிங் பெட்டி ஆகிய மூன்றுக்கும் பயன்படுத்துவோருக்கான பகுதியில் ஒரு சொல் கிடைக்காமல் நின்றுவிட்டேன். உள்ளீட்டை மாற்றியதும், அந்த உள்ளீட்டுக்கென்று முன்பு சேமித்த ஒளி, நிறம், கூர்மை முதலியவற்றைத் தொலைக்காட்சி தானாக எடுத்துக்கொள்ளும் அல்லவா? அப்படிச் சேமிக்கப்பட்ட தொகுதிக்குத்தான் பெயர் வேண்டும்.

இந்தச் சொல் ஏன் தேவை என்பதை எங்கள் வீட்டில் நடந்ததைக் கொண்டு சொல்கிறேன். முதல் உள்ளீட்டில் மகனின் கன்சோலும், இரண்டாவதில் என் மடிக்கணினியும், மூன்றாவதில் ஸ்ட்ரீமிங் பெட்டியும் இருக்கின்றன. ஓர் இரவு திரைப்படம் பார்ப்பதற்காக மூன்றாவது உள்ளீட்டில் Cinema முறையைத் தேர்ந்து, ஒளியைக் குறைத்தேன். அதே பட்டியலின் அடியில் Apply to all inputs என்று இருந்ததையும் அழுத்திவிட்டேன். மறுநாள் மடிக்கணினியில் திறந்த வெள்ளைப் பக்கம் மஞ்சள் படிந்த பழைய தாள்போல் தெரிந்தது. குதிக்கும் பொத்தானை அழுத்திச் சற்று நேரம் கழித்துத்தான் ஆட்டத்தில் ஆள் குதிக்கிறான் என்று மகன் சொன்னான். ஒன்றுக்கு வைத்த அமைப்பு மற்ற இரண்டின்மேலும் ஏறிவிட்டது என்று எனக்குப் புரிந்தது. ஆனால் எது எதன்மேல் ஏறியது என்பதைக் குறிப்பில் எழுதும்போது ஒவ்வொரு முறையும் ஒரு முழு வாக்கியம் தேவைப்படுகிறது.

'உள்ளீட்டுவாரிப் படவமைப்பு' என்று எழுதிப் பார்த்தேன். புள்ளிவிவர அட்டவணையின் தலைப்பைப் போல் இருக்கிறது. உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

க.தே. எழுதியது:

அன்புள்ள செ.மு. அவர்களுக்கு,

'மாவட்டவாரி', 'வார்டுவாரி' என்ற பழக்கத்தில் வந்த ஒட்டு அது. எண்ணிக்கையைப் பிரித்துக் காட்டுவதற்கு ஏற்றதே தவிர, ஒன்றுக்கே உரியது என்ற பொருளை அது தராது.

எனக்கு 'மடை' என்ற சொல் தோன்றுகிறது. வாய்க்கால் நீர் வயலுக்குள் நுழையும் திறப்பு மடை. ஒன்றை அடைத்து மற்றொன்றைத் திறப்பதை இன்றும் மடைமாற்றுதல் என்கிறோம். ரிமோட்டில் உள்ளீட்டை மாற்றுவதும் அதே செயல்தான். நீர் வரும் மடைக்கு ஏற்ப வயலைச் சீர்செய்வதுபோல், படம் வரும் வழிக்கு ஏற்பத் திரையைச் சீர்செய்கிறோம். எனவே 'மடைப்பாங்கு' எனலாம். 'பாங்கு' என்பது முறை, தன்மை இரண்டையும் தாங்கும்.

ப.நி. எழுதியது:

ஐயா, இதில் தொலைக்காட்சியின் அமைப்புக்கென்று பெயர் வைப்பதே தேவையில்லை என்று நினைக்கிறேன். கருவியே தன் அமைப்பை நினைவில் வைத்திருக்கிறது. என் கன்சோலை நண்பர் வீட்டுக்குக் கொண்டுபோனபோது, நான் வைத்திருந்த RGB வீச்சு அங்கேயும் அப்படியே இருந்தது. ஆகவே 'கருவியமைப்பு' என்று சொன்னால் போதும்.

இரா. எழுதியது:

வணக்கம். நான் தொலைக்காட்சிப் பழுது பார்ப்பவன். ப.நி. தம்பி சொல்வதில் பாதி சரி. கன்சோல் வெளியே அனுப்பும் RGB வீச்சு, தெளிவளவு, நொடிக்கு எத்தனை படச்சட்டங்கள் என்பவை கன்சோலுக்குள் சேமிக்கப்படுகின்றன. அவை கன்சோலுடன் ஊர் மாறும். ஆனால் திரையின் ஒளி, வண்ண வெப்பம், அசைவை வழவழப்பாக்கும் வேலை, இரைச்சல் குறைப்பு ஆகியவை தொலைக்காட்சியின் நினைவில், அந்தக் கம்பி சொருகப்பட்ட துளையின் கணக்கில் இருக்கின்றன. கன்சோலின் கம்பியை முதல் துளையிலிருந்து இரண்டாம் துளைக்கு மாற்றிப் பாருங்கள். பல தொலைக்காட்சிகளில், இரண்டாம் துளைக்கு முன்பு யாரோ வைத்திருந்த அமைப்பிலேயே கன்சோலின் படம் வரும். எனவே 'கருவியமைப்பு' என்றால், படிப்பவர் கன்சோலின் பட்டியலுக்குள் போய்த் தேடுவார். அங்கே அது இருக்காது.

நண்பர் வீட்டில் நடந்ததையே எடுத்துக்கொள்வோம். கன்சோல் கறுப்பு முதல் வெள்ளை வரையான நிற எண்களை 0 முதல் 255 வரை முழு வீச்சில் அனுப்பி, அங்குள்ள தொலைக்காட்சியின் அந்தத் துளை 16 முதல் 235 வரை எதிர்பார்த்திருந்தால், இருட்டுக் காட்சிகளில் கறுப்புச் சட்டையின் மடிப்புகள் ஒன்றோடொன்று கலந்து ஒரே கறுப்பாகியிருக்கும். இடம் மாறி அமைந்தால் கறுப்பு சாம்பல் நிறமாக வெளுத்திருக்கும். இரு பக்கமும் ஒத்துப்போனால்தான் படம் சரியாக வரும். இரண்டையும் தானியங்கு நிலையில் விடுவது பெரும்பாலும் போதும்.

செ.மு. அவர்கள் வீட்டில் நடந்ததன் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். திரைப்பட முறையில் தொலைக்காட்சி ஒவ்வொரு சட்டத்தையும் வாங்கி மெருகேற்றிவிட்டுக் காட்டும். நொடிக்கு 60 சட்டங்கள் என்றால் ஒரு சட்டத்துக்கு ஏறத்தாழ 16.7 மில்லிநொடி. அந்த மெருகு வேலையில் ஆறு சட்டங்கள் காத்திருந்தாலே 100 மில்லிநொடி ஆகிவிடும். குதிக்கும் பொத்தானில் கை அதை உணரும். விளையாட்டு முறை இந்த வேலைகளில் பெரும்பகுதியை விட்டுவிடுகிறது. திரைப்படம் பார்ப்பவருக்குத் தாமதம் தெரியாது. ஒலியும் சேர்ந்தே தாமதிக்கிறது.

வ. எழுதியது:

எங்கள் தொலைக்காட்சியில் நல்ல எச்.டி.எம்.ஐ. துளை ஒன்றுதான். ஆகவே மூன்று கருவிகளையும் ஓர் இணைப்பு மாற்றியில் சொருகி அதன் பொத்தானால் மாற்றிக்கொள்கிறோம். குழந்தைகளுக்கு ஒன்றும் எனக்கு ஒன்றுமாகத் தனித்தனிக் கணக்கு வைக்க முடியுமா? அதைத்தானே நீங்கள் பேசுகிறீர்கள்? நான் ஒளியைக் குறைத்தால் குழந்தைகளின் ஆட்டமும் இருண்டுவிடுகிறது.

இரா. எழுதியது:

அம்மா, இது ஆளுக்கான கணக்கு அல்ல, துளைக்கான கணக்கு. உங்கள் இணைப்பு மாற்றியில் எந்தக் கருவியைத் தேர்ந்தாலும் தொலைக்காட்சிக்குத் தெரிவது ஒரே உள்ளீடுதான். ஆகையால் மூன்றுக்கும் ஒரே அமைப்பு நிற்கிறது. ஒலிபெருக்கிப் பெட்டி வழியாக எல்லாவற்றையும் இணைப்பவர்களுக்கும் இதே நிலை. தொலைக்காட்சியில் இன்னொரு துளை இருந்து, பழையது என்று ஒதுக்கி வைத்திருந்தால், ஸ்ட்ரீமிங் பெட்டியை அதில் நேராகச் சொருகிப் பாருங்கள். திரைப்படத்துக்கு வேகமான துளை தேவைப்படாது. கன்சோல் புதியதாக இருந்து, தாமதம் குறைந்த முறையைத் தானே கேட்கும் வசதியும் இரு பக்கமும் இருந்தால், இணைப்பு மாற்றி அந்தச் செய்தியைக் கடத்தும் பட்சத்தில் ஆட்டம் தொடங்கியதும் விளையாட்டு முறை வந்துவிடும். மலிவான இணைப்பு மாற்றிகளில் சில அதைக் கடத்துவதில்லை.

சொல்லைப் பற்றி ஒன்று. கடைக்கு வருகிறவர்கள் 'ஒவ்வொண்ணுக்கும் தனி செட்டிங் இருக்கா?' என்றே கேட்கிறார்கள். அந்தத் 'தனி' விடுபடக் கூடாது.

க.தே. எழுதியது:

இரா. அவர்கள் சொன்ன 'தனி' நன்று. 'உள்ளீட்டுத் தனியமைவு' எனலாம். 'அமைப்பு' என்பது நிறுவனத்தையும் குறிப்பதால் 'அமைவு' தெளிவு. ஆயினும் 'மடை'யைக் கைவிட எனக்கு மனமில்லை. 'உள்ளீடு' என்பது நுழையும் தரவையும் குறிக்கிறது, நுழையும் வழியையும் குறிக்கிறது. இந்த உரையாடலிலேயே கருவியையும் துளையையும் இருவர் குழப்பிக்கொண்டதற்கு அந்த இரட்டைப் பொருளும் ஒரு காரணம்.

இரா. எழுதியது:

ஐயா, நான் சோழமண்டலத்துக்காரன். மடை எனக்குப் பிடித்த சொல். ஆனால் தொலைக்காட்சியின் பின்புறம் குனிந்து கம்பி சொருகுகிறவர் அதை 'மடை' என்று நினைப்பாரா என்பதில் ஐயம் இருக்கிறது.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. துளை ஒன்றேயானாலும் அமைவு ஒன்றே அல்ல. ஸ்ட்ரீமிங் பெட்டியில் சாதாரணப் படம் ஓடும்போது நீங்கள் வைத்த ஒளியளவு ஒன்று. அதே பெட்டி, ஒளிக்கும் இருளுக்கும் இடையிலான வீச்சு கூடிய எச்.டி.ஆர். படத்தைத் தொடங்கினால் பல தொலைக்காட்சிகள் வேறொரு தொகுதியை எடுக்கின்றன. எச்.டி.ஆரின் ஒரு வகையான டால்பி விஷன் என்றால் மூன்றாவது ஒன்றையும் எடுக்கின்றன. 'நேற்று வைத்ததை டிவி மறந்துவிட்டது' என்று வருபவர்களில் பலருக்கு இதுதான் நடந்திருக்கும். கண்டுபிடிப்பது எளிது: எச்.டி.ஆர். படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே பட அமைப்புப் பட்டியலைத் திறந்தால், முறையின் பெயருக்கு அருகிலோ திரையின் மூலையிலோ அந்தக் குறி தெரியும். அந்தப் படம் ஓடும் நேரத்திலேயே திருத்தினால்தான் அந்தத் தொகுதி திருந்தும். ஆகவே 'உள்ளீட்டுத் தனியமைவு' என்று மட்டும் சொன்னால் ஓர் உள்ளீட்டுக்கு ஒன்றே உண்டு என்று படிப்பவர் எடுத்துக்கொள்வார்.

செ.மு. எழுதியது:

இரா. அவர்களுக்கு மிக்க நன்றி. இன்று மாலை நீங்கள் சொன்னதைச் செய்து பார்த்தேன். மூன்றாவது உள்ளீட்டில் சாதாரணப் படத்துக்கு 30 என்று வைத்திருந்த ஒளியளவு, எச்.டி.ஆர். படம் தொடங்கியதும் 100 ஆக இருந்தது. அதை நான் ஒருபோதும் தொட்டதில்லை. எனக்குத் தேவைப்பட்டது ஒரு சொல் அல்ல, இரண்டு அடுக்கு என்று இப்போது தெரிகிறது. 'தனியமைவு' என்பதைப் பொதுச்சொல்லாகக் கொண்டு, 'உள்ளீட்டுத் தனியமைவு' என்பதை வெளி அடுக்குக்கும், 'வகைத் தனியமைவு' என்பதை அதற்குள் வரும் எச்.டி.ஆர். முதலிய படவகைகளுக்கும் வைக்க நினைக்கிறேன். துளையைச் சொல்ல வேண்டிய இடத்தில் 'உள்ளீடு' என்று எழுதாமல் 'துளை' என்றே எழுதிவிடுகிறேன், க.தே. ஐயா காட்டிய குழப்பம் ஓரளவு தீரும்.

குறிப்பில் மடிக்கணினிப் பத்தி இப்படி வருகிறது:

"இரண்டாவது துளையின் உள்ளீட்டுத் தனியமைவைத் திறந்து, அந்தத் துளையின் பெயரை PC என்று மாற்றுங்கள். பல தொலைக்காட்சிகள் இந்தப் பெயரைப் பார்த்தே சிறு எழுத்துகளின் நிறத்தைச் சுருக்காமல் காட்டுகின்றன. மாற்றும் முன்னும் பின்னும் நீலப் பின்னணியில் சிவப்பு எழுத்தை வைத்துப் பார்த்தால் ஓரங்கள் கலங்கியிருந்தது தெளிவது தெரியும். பிறகு திரையின் நான்கு ஓரங்களையும் பாருங்கள். 1920×1080 படத்தில் ஒவ்வொரு பக்கமும் நூற்றுக்கு இரண்டரை வெட்டப்பட்டால் இடமும் வலமும் 48 புள்ளிகளும், மேலும் கீழும் 27 புள்ளிகளும் போய்விடும். கீழே உள்ள பணிப்பட்டையில் பாதிக்கு மேல் மறைவது அதனால்தான். வெட்டாமல் முழுப் படத்தையும் காட்டும் தெரிவை இந்தத் தனியமைவில் மட்டும் இயக்குங்கள். எல்லா உள்ளீடுகளுக்கும் பொருத்து என்ற பொத்தானை அழுத்த வேண்டாம்."

ப.நி. எழுதியது:

கருவியமைப்பு என்ற என் சொல்லை விட்டுவிடுகிறேன். ஆனால் சில தொலைக்காட்சிகள் சொருகிய கருவியை அடையாளம் கண்டு உள்ளீட்டுக்கு அதன் பெயரையே வைத்துவிடுகின்றனவே, அங்கே கம்பியை வேறு துளைக்கு மாற்றினால் தனியமைவு கருவியைத் தொடர்ந்து போகுமா, துளையிலேயே நிற்குமா?

இரா. எழுதியது:

தம்பி, அது தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறுகிறது. பெயர் மட்டும் தொடர்ந்து போய், ஒளியும் நிறமும் பழைய துளையிலேயே நின்றதைப் பார்த்திருக்கிறேன். மாற்றும் முன் மூன்று துளைகளின் பட்டியலையும் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொண்டு, மாற்றியபின் ஒப்பிட்டுப் பார்ப்பதே நிச்சயமான வழி.

க.தே. எழுதியது:

'தனியமைவு'க்கு உடன்படுகிறேன். 'வகைத் தனியமைவு' எனக்கு இன்னும் நிறைவளிக்கவில்லை. எதன் வகை என்ற கேள்வி அதில் எஞ்சுகிறது. 'ஒளிவீச்சுத் தனியமைவு' என்றால் எச்.டி.ஆர். செய்யும் வேலையே பெயரில் வந்துவிடும். செ.மு. அவர்கள் அதையும் ஒரு பத்தியில் எழுதிப் பார்த்து அனுப்பினால் ஒப்பிட்டுச் சொல்கிறேன்.