பொருள்: சர்க்குலர் பிரீத்திங் – வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:
அனைவருக்கும் வணக்கம். இசை வகுப்புக்கான காற்றுக் கருவிப் பாடம் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். கன்னத்தில் காற்றைத் தேக்கி, அதை ஊதிக்கொண்டே மூக்கால் மூச்சிழுக்கும் முறைக்கு ‘வட்டச் சுவாசம்’ என்று போட்டேன். யோகாசனப் பெயர் மாதிரி இருக்கிறது என்று ஆசிரியர் திருப்பி அனுப்பிவிட்டார்.

யோகா ஆசிரியர்:
இதற்குப் புதுச் சொல் எதற்கு அம்மா? மூச்சை இழுக்கப் பூரகம், அடக்கக் கும்பகம், விட இரேசகம் என்று நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறதே. காற்றைத் தேக்குவது கும்பகம். முடிந்தது.

ஒத்து ஊதியவர்:
கும்பகத்தில் மூச்சு நிற்கும் ஐயா. இதில் எதுவுமே நிற்கக் கூடாது.

நான் பதினைந்து வருஷம் ஒத்து ஊதினேன். ஒத்து, நாயனத்துக்கு விடாமல் சுருதி பிடிக்கும் கருவி. பார்க்க நாயனம் மாதிரிதான், விரல் துளை மட்டும் இருக்காது. நாயனக்காரர் சங்கதிக்கு நடுவே மூச்சு வாங்கிக்கொள்வார். ஒத்துக்காரனுக்கு அந்த வசதி இல்லை. சுருதி அறுந்தால் கச்சேரியே நொண்டும்.

செய்வது இதுதான். நெஞ்சில் காற்று தீருமுன்பே கன்னத்தை உப்ப விடுவோம். நாக்கின் அடிப்பகுதியை மேலே தூக்கித் தொண்டை வழியை அடைப்போம். கன்னம் சுருங்கி, வாயில் வைக்கும் சீவாளிக்குள் காற்றைத் தள்ளும் அந்த ஒரு நொடிக்குள், பூவை மோந்து பார்ப்பதுபோல் சுருக்கென்று மூக்கால் இழுக்க வேண்டும். பிறகு அடைப்பைத் திறந்தால் நெஞ்சுக் காற்று வேலையை எடுத்துக்கொள்ளும். எங்கள் வீட்டில் இதற்குப் பெயர் எல்லாம் கிடையாது. “கன்னத்துல வெச்சுக்கடா” என்பார் அப்பா, அவ்வளவுதான்.

சங்கப் பித்தர்:
ஆகா, கன்னத்தில் வைத்துக்கொள்வது! நற்றிணை 22இல் மந்தி தினையைக் கசக்கித் தன் கவுள் நிறைய அடைத்துக்கொள்கிறதே. கவுள் என்றால் கன்னம். ‘கவுள் மூச்சு’ என்போம். புணர்த்தினால் கவுண்மூச்சு, நாண்மலர் போல. வெற்றிலைக் கவுளிகூடக் கன்னத்தில் அடக்கிக்கொள்வதால் வந்த பெயராக இருக்கலாம் என்று எனக்கு வெகுநாளாக ஓர் ஐயம்.

பள்ளி ஆசிரியை:
கவுளி என்பது வெற்றிலைக் கட்டு ஐயா. ஒரு கட்டை முழுசாகக் கன்னத்தில் அடக்க மந்தியாலும் ஆகாது. அதோடு, ‘கவுண்மூச்சு’ என்று பலகையில் எழுதினால் பாதிச் சொல்லிலேயே வகுப்பு சிரித்துவிடும். ‘கதுப்பு மூச்சு’ என்றாலாவது அகராதி பார்க்காமல் புரியும்.

சங்கப் பித்தர்:
சங்கப் பாட்டில் கதுப்பு என்றால் பெண்ணின் கூந்தல். கூந்தலால் மூச்சு விடச் சொல்கிறீர்களா?

டொராண்டோவிலிருந்து:
நான் ஓபோ வாசிக்கிறேன். அதுவும் நாயனம் போல இரட்டைச் சீவாளிக் கருவிதான். ஆனால் அதன் சீவாளி வாய் மிகக் குறுகல் என்பதால் எனக்குக் காற்று தீர்வதில்லை, மிஞ்சுகிறது! உள்ளே கெட்ட காற்று தேங்கி மூச்சு முட்டும். முதலில் அதை வெளியே விட்டால்தான் புதுக் காற்றை இழுக்க முடியும். கன்னமும் சின்னக் கிடங்குதான். ஆகவே பெயரில் கன்னம் வேண்டாம். ‘சுழல் மூச்சு’ என்பதே சரி.

பள்ளி ஆசிரியை:
அந்தக் காற்று எங்கே சுழல்கிறது? மூக்கில் நுழைந்து சீவாளி வழியாகப் போய்விடுகிறது. சுழல் என்று சொன்னால், நுரையீரல் ஒரே நேரத்தில் இழுக்கவும் விடவும் செய்கிறது என்றே பிள்ளைகள் நினைப்பார்கள். ‘தொடர் ஊதல்’ எப்படி?

ஒத்து ஊதியவர்:
ஆமாம், புதிதாக வருகிறவன் அப்படித்தான் நினைப்பான். அரை டம்ளர் தண்ணீரில் உறிஞ்சுகுழாயை விட்டுக் குமிழ் விடச் சொல்வேன். மூக்கால் இழுக்கும் நேரத்தில் குமிழ் நின்றால், கன்னத்துக்குப் பதில் இன்னும் நெஞ்சால்தான் ஊதப் பார்க்கிறான். இழுத்து முடியும் தறுவாயில் நின்றால், நீளமாக இழுத்திருக்கிறான். அதற்குள் கன்னம் காலி. தண்ணீரில் குமிழ் நிற்காமல் வந்தாலும், ஒத்தில் நெஞ்சிலிருந்து கன்னத்துக்கு வேலை கை மாறுகிற இடத்தில் சுருதி இறங்கும். கன்னத்துக்கு நெஞ்சளவு அழுத்தம் கிடையாது. அது சரியாக எனக்கு இரண்டு வருஷம் ஆனது. இப்போது சுருதிப் பெட்டி வந்துவிட்டது, யாரும் கேட்பதில்லை.

‘தொடர் ஊதல்’ தப்பில்லை. ஆனால் நீளமாக ஒரே மூச்சில் ஊதுவதையும் அப்படிச் சொல்லலாமே.

மொழிபெயர்ப்பாளர்:
நாளை அச்சுக்குப் போகிறது. தனிமடல்களையும் சேர்த்து எண்ணிப் பார்த்ததில் ‘சுழல் மூச்சு’க்கு நான்கு பேர், ‘தொடர் ஊதல்’ இரண்டு, ‘கவுள் மூச்சு’க்கு ஒருவர், அவரும் மூன்று முறை எழுதிவிட்டார். ‘சுழல் மூச்சு’ என்றே போடுகிறேன். காற்று சுழல்வதில்லை என்று கீழே ஒரு வரியும் சேர்க்கிறேன்.

சங்கப் பித்தர்:
என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளவும். நான்காம் முறையாக.

ஒத்து ஊதியவர்:
பெயர் எதுவாக இருந்தாலும் சரி அம்மா. நீங்கள் அனுப்பிய படத்தில் கன்னம் மூன்று கட்டத்திலும் உப்பியே இருக்கிறது. முதல் கட்டத்தில் ஒட்டியிருக்க வேண்டும், அதை மட்டும் மாற்றிவிடுங்கள்.