95-ஆ, 133-ஆ? தினம் ஒரு கேள்வி, ஷீட்டில் மதிப்பெண்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

தக்கலை_வாசகசாலை

எங்கள் வாசகசாலை வாட்ஸ்அப் குழுவில் காலை 6 மணிக்குக் கேள்வி போடுவேன். பதிலை எனக்குத் தனியாக அனுப்ப வேண்டும். இரவு 9 மணிக்கு விடை, பிறகு கூகுள் ஷீட்டில் மதிப்பெண். மொத்தம் 19 பேர். ஏற்பாடு உங்களுக்குத் தெரிந்ததுதான், நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

ஏப்ரலில் ஒரு நாள் கேட்டது: "குமரி முனையில் உள்ள திருவள்ளுவர் சிலையின் உயரம் எத்தனை அடி?" நான் வைத்திருந்த விடை 133. 14 பேர் 133 என்றார்கள், மூன்று பேர் 95 என்றார்கள், இரண்டு பேர் பதில் அனுப்பவில்லை. 95 சொன்ன மூவருக்கும் பூஜ்யம் போட்டுவிட்டேன்.

9 மணி 10 நிமிடத்துக்கு ஒரு பாட்டா போன் பண்ணினார். சிலை வேலை நடந்த காலத்தில் படகுத்துறைப் பக்கம் டீக்கடை வைத்திருந்தவர், இப்போது எழுபத்தைந்தைத் தாண்டிவிட்டார். கோபமே இல்லை அவர் குரலில். "திண்ணையில ஏறி நிக்குற என்னை அளந்தா, திண்ணையையும் சேர்த்தா மக்கா எழுதுவே?" என்று கேட்டார்.

எனக்குப் பதில் வரவில்லை. பீடம் 38 அடி, சிலை 95 அடி, இரண்டும் சேர்ந்தால்தான் 133. நான் கேட்டதோ 'சிலையின் உயரம்'. உடனே ஷீட்டைத் திறந்து அவருடைய பூஜ்யத்தை அழித்து 1 போட்டேன். மறுநாள் காலை மற்ற இருவரும் "எங்களுக்கு?" என்று கேட்டார்கள். அதைப் பார்த்த 133 கோஷ்டி, "அப்போ எங்கள் விடை தப்பா?" என்று கிளம்பியது. எல்லாரையும் சமாதானப்படுத்த முடியாமல் அந்த 1-ஐ மறுபடி 0 ஆக்கினேன். மாதக் கடைசியில் பாட்டாவுக்கு 26, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்திக்கு 27. பரிசுப் புத்தகம் அவளுக்குப் போனது. அவரும் கைதட்டினார். அந்தக் கைதட்டல்தான் இன்னும் மனசில் நிற்கிறது.

சுசீந்திரம்_ஆசிரியர்

நீங்கள் முதலில் போட்ட பூஜ்யம்தான் சரி. திருக்குறளில் 133 அதிகாரம், அதனால் சிலையும் 133 அடி. முப்பத்தைந்து வருடம் பாடம் நடத்தியிருக்கிறேன், இதைத்தான் சொல்லிக் கொடுத்தோம். 95 என்பதற்கு எந்தப் பொருளும் கிடையாது. கேள்வி நடத்துகிறவர் போனில் யாராவது வருத்தப்பட்டார் என்பதற்காக விடையை மாற்றக்கூடாது. நான் ஒரு குழுவில் இருந்தபோது இப்படித்தான் பத்மநாபபுரம் அரண்மனை எந்த மாநிலத்தில் என்று கேட்டு, கேரளா என்று சரியாகச் சொன்ன எனக்கு மதிப்பெண் தரவில்லை. அன்றைக்கே வெளியே வந்துவிட்டேன்.

மார்த்தாண்டம்_கணக்கு

ஆசிரியர் ஐயா, 95-க்கும் பொருள் உண்டு. 38 அடி பீடம் அறத்துப்பாலின் 38 அதிகாரம். பொருட்பால் 70, இன்பத்துப்பால் 25, கூட்டினால் 95, அதுதான் சிலை. அறத்தின் மேல் பொருளும் இன்பமும் நிற்க வேண்டும் என்று யோசித்தே அப்படி வைத்தார்கள். 133 என்று நீங்கள் நடத்திய பாடம் தப்பில்லை, அது மொத்த உயரம். அரண்மனை விஷயத்தில் உங்களுக்கு மதிப்பெண் தராதது சரிதான். அது தமிழ்நாட்டில், நம் மாவட்டத்தில் இருக்கிறது. பராமரிப்பது மட்டும்தான் கேரள அரசின் தொல்லியல் துறை. 'எந்த அரசு பராமரிக்கிறது' என்று கேட்டிருந்தால் உங்கள் விடை சரி.

தக்கலை அண்ணே, உங்கள் சிக்கல் பாட்டாவாலும் வரவில்லை, 133-ஆலும் வரவில்லை. ஷீட்டில் கையால் 0, 1 போட்டதால் வந்தது. ஒருவர் கட்டத்தைத் திருத்தினால் அது சலுகை மாதிரித் தெரியும். விடையைத் திருத்தினால் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் திருந்தும்.

நான் மூன்று வருடமாக இப்படிச் செய்கிறேன். ஆட்கள் அனுப்பிய பதிலையே அப்படியே கட்டத்தில் ஏற்றுவேன், மதிப்பெண்ணை ஏற்ற மாட்டேன். A-யில் பெயர், B-யில் மொத்தம், C-யிலிருந்து ஒரு நாளுக்கு ஒரு கட்டம், 31 நாள் என்றால் AG வரை. முதல் வரியில் விடை. இரண்டாம் வரியில் மாற்று விடை, இருந்தால் மட்டும். ஆட்கள் மூன்றாம் வரியிலிருந்து. B3-இல் இது:

```
=SUMPRODUCT((C3:AG3<>"")*((C3:AG3=C$1:AG$1)+(C3:AG3=C$2:AG$2)>0))
```

இதைக் கீழே இழுத்துவிட்டால் போதும். உங்கள் ஏப்ரல் ஷீட் இப்படி இருந்திருந்தால், அன்றைய நாளின் இரண்டாம் வரியில் 95 என்று ஒரு முறை அடித்திருப்பீர்கள். மூவருக்கும் ஒரு மதிப்பெண் கூடியிருக்கும், 14 பேருக்குக் குறைந்திருக்காது.

முதலில் இருக்கும் `<>""` பகுதியை விட்டுவிடாதீர்கள். முதல் மாதம் நான் விட்டுவிட்டேன். பதிலே அனுப்பாதவர் கட்டம் காலி, மாற்று விடை இல்லாத நாளில் இரண்டாம் வரியும் காலி. காலியும் காலியும் சமம் என்று ஷீட் மதிப்பெண் கொடுத்துவிட்டது. ஒரு மாதம் வெளியூர் போயிருந்தவர் முதலிடத்தில் நின்றபோதுதான் கவனித்தேன்.

இன்னொன்று, 133 என்று சரியாகச் சொன்னவருக்கும் சில நேரம் மதிப்பெண் ஏறாது. வாட்ஸ்அப்பிலிருந்து '133 அடி' என்று ஒட்டியிருப்பீர்கள், அல்லது அந்த எண் ஷீட்டுக்குள் எழுத்தாகப் போயிருக்கும். நீங்கள் எதையும் மாற்றி வைக்காதவரை எண் கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்து இடப்பக்கம் நிற்கும். இடப்பக்கம் நிற்கும் 133-ஐ மட்டும் அழித்துவிட்டு, Format, Number, Automatic கொடுத்துத் திரும்ப அடியுங்கள்.

குளச்சல்காரி

எங்கள் குழுவில் கெடு பகல் 12 மணி. என் வீட்டுக்காரர் விடியுமுன் வள்ளத்தில் போகிறவர். ஒரு நாள் சிக்னல் இருந்தபோது கேள்வியைப் பார்த்திருக்கிறார், குளச்சல் போர் எந்த ஆண்டு என்று. எங்கள் ஊர்க் கேள்வி. டச்சுக்காரர்கள் மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்றது 1741 என்று சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவர். உடனே அடித்து அனுப்பியிருக்கிறார். அதற்குள் சிக்னல் போய், செய்தி பக்கத்தில் அந்தக் கடிகாரப் படம் மட்டும் நின்றுகொண்டே இருந்திருக்கிறது. கரை நெருங்கும்போதுதான் டிக் விழுந்தது, மணி 12.20. விடை வெளியான பிறகு வந்தது என்று சேர்க்கவில்லை.

அவர் வீட்டுக்கு வந்ததும் சாப்பிடக்கூட உட்காராமல் போனை என் முன்னால் நீட்டினார். ஈரக்கை, திரையெல்லாம் உப்பு. "பாரு, நான் அப்பவே போட்டேன்" என்றார். மதிப்பெண் பெரிய விஷயமில்லை, ஊர்க் கேள்வியில் விட்டதுதான் அவருக்குத் தாங்கவில்லை. ஃபார்முலாவில் இதற்கு என்ன வழி?

மார்த்தாண்டம்_கணக்கு

அக்கா, இதற்கு ஃபார்முலாவில் வழி இல்லை. செய்தி வாட்ஸ்அப் சர்வருக்குப் போய்ச் சேர்ந்த நேரம்தான் நடத்துகிறவருக்குத் தெரியும். எப்போது அடித்தார் என்பதை அவரால் பார்க்க முடியாது. ஒருவருக்குத் தளர்த்தினால் விடை பார்த்துவிட்டு அனுப்புகிறவரையும் சேர்க்க வேண்டி வரும். கடலுக்குப் போகிறவர்கள் இருக்கும் குழுவில் கெடுவை இரவுக்குத் தள்ளுவதுதான் எனக்குத் தெரிந்த ஒரே தீர்வு. நாள் கணக்கில் கடலில் தங்கும் போட்டுக்காரர்களுக்கு அதுவும் உதவாது.

குரூப்4_2025

அரண்மனை கேள்வி எனக்கும் மாதிரித் தேர்வில் வந்தது, தமிழ்நாடு என்றுதான் போட்டேன். தக்கலை குழுவின் பழைய கேள்விகளை எல்லாம் விடையோடு பிடிஎஃப் ஆகப் போட முடியுமா? மாவட்ட வரலாறு மட்டும் இருந்தால் போதும்.

நாகர்கோவில்_டியூஷன்

டியூஷன் பிள்ளைகள் 42 பேருக்கு நடத்துகிறேன். ஒரு ஞாயிறு இரவு யார் முதல் என்று பார்க்க B-யை மட்டும் தேர்ந்து Sort range கொடுத்தேன். மதிப்பெண்கள் அழகாக இறங்கு வரிசையில் வந்தன, பெயர்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. கவனிக்காமல் குழுவில் படம் போட்டுவிட்டேன். ஐந்து நிமிடத்தில் ஓர் அம்மா அழைத்தார். "சார், என் மகள் சேர்ந்தே ரெண்டு நாள்தான் ஆகுது, 41 எப்படி?" அந்தப் பிள்ளை பட்டியலில் முதல் பெயர், அவ்வளவுதான்.

File, Version history, See version history என்று போய் மாலைப் பதிப்பை மீட்டேன். அன்றிலிருந்து பதில் இருக்கும் தாளில் வரிசைப்படுத்துவதே இல்லை. தரவரிசைக்குத் தனித் தாள், அதில் ஒரே வரி:

```
=SORT('பதில்கள்'!A3:B44, 2, FALSE)
```

ஆனால் தக்கலை அண்ணனுக்கு நான் சொல்ல வருவது வேறு. மாற்று விடை வரியை நம்பிக் கேள்வியை அசட்டையாக எழுதக்கூடாது. உயரம் என்றால் எங்கிருந்து எங்கே என்று கேள்விக்குள்ளேயே இருக்க வேண்டும். எண்ணிக்கை என்றால் எந்தத் தேதி நிலவரம் என்று இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் எத்தனை மாவட்டம் என்று நான் கேட்டபோது ஒரு பையன் 32 என்றான். அண்ணனுடைய பழைய புத்தகத்தைப் பார்த்திருக்கிறான், 2018 வரை அது சரி, இப்போது 38. அன்று நான் 32-ஐ ஏற்கவில்லை, ஏனென்றால் கேள்வியில் 'இப்போது' என்ற சொல் இருந்தது. அந்த ஒரு சொல் இல்லாமலிருந்தால் எனக்கும் அந்தப் பாட்டா கதைதான். கேள்வியை முந்தின இரவே எழுதி, வீட்டில் ஒருவரிடம் வாசித்துக் காட்டுங்கள். அவர் "எதை?" என்று திருப்பிக் கேட்டால் கேள்வி இன்னும் முடியவில்லை. நான் என் மனைவியிடம் வாசிக்கிறேன், வாரத்தில் ஒரு கேள்வியாவது மாறுகிறது. குழுவில் நேரடியாகப் பதில் போட விடுகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும், அனுப்பிய செய்தியை 15 நிமிடத்துக்குள் வாட்ஸ்அப்பில் திருத்த முடியும். திருத்தினது என்ற குறிப்பு நேரத்துக்குப் பக்கத்தில் சின்னதாக விழும், அதைப் பார்க்காமல் மதிப்பெண் ஏற்றாதீர்கள். தக்கலையில் தனியாக வாங்குவது அந்த வகையில் நல்லது.

சுசீந்திரம்_ஆசிரியர்

38-ம் 95-ம் பற்றி விசாரித்தேன். மார்த்தாண்டம் தம்பி சொன்னது சரி. ஆனாலும் முடிந்துபோன மாதத்தை இப்போது திருத்துவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பரிசு வாங்கிய பிள்ளையிடம் போய் என்ன சொல்வீர்கள்?

மார்த்தாண்டம்_கணக்கு

அவளிடமிருந்து எதையும் பிடுங்கப் போவதில்லையே ஐயா. அவளுக்கு 27 அப்படியேதான் இருக்கும். ஷீட்டில் தப்பு என்று தெரிந்த பிறகும் விட்டுவைத்தால் அடுத்த மாதம் யார் நம்புவார்கள்?

தக்கலை_வாசகசாலை

நேற்று இரவு உட்கார்ந்து ஏப்ரல் பதில்களை வாட்ஸ்அப்பிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் புது ஷீட்டில் ஏற்றினேன். 30 நாள், 19 பேர், முடிக்கும்போது இரவு ஒரு மணியாகிவிட்டது. அந்த நாளின் இரண்டாம் வரியில் 95 அடித்ததும் பாட்டாவின் 26 கண் முன்னாலேயே 27 ஆனது. இரண்டு பேரும் சமம். இன்னும் குழுவில் சொல்லவில்லை. ஆசிரியர் ஐயா கேட்ட கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. முதலில் அந்தப் பிள்ளையின் அப்பாவிடம் பேசலாம் என்று இருக்கிறேன்.

குரூப்4 தம்பி, கேள்விகளைத் தொகுத்துத் தருகிறேன், ஒரு வாரம் பொறுங்கள்.

நாளைக் கேள்வியை வீட்டில் வாசித்துக் காட்டினேன். "பேச்சிப்பாறை அணை எப்போது கட்டியது?" என்று எழுதியிருந்தேன். "தொடங்கினதா, முடிஞ்சதா?" என்று மகள் கேட்டாள். 'கட்டி முடிக்கப்பட்ட ஆண்டு' என்று மாற்றிவிட்டேன்.