"இலக்கணத்துக்கு மட்டும்" என்று எழுதி மாட்டிக்கொண்டேன்

நிலாவாசல்
போன செமஸ்டர். மொழியைத் திருத்த ஏஐ பயன்படுத்தலாம், ஆனால் குறிப்புப் போட வேண்டும் என்று மேடம் முன்பே சொல்லியிருந்தார். என் ஆய்வுக் கட்டுரையின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி போட்டேன்: "இலக்கணத்துக்கு மட்டும் சாட்ஜிபிடி பயன்படுத்தினேன்." இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டார். முடிவுரையில் ஒரு வரிமேல் பென்சிலை வைத்தார். நான் எழுதியது, "மாலை டீக்கும் தூக்கக் குறைவுக்கும் தொடர்பு இருக்கலாம்." தாளில் இருந்தது, "மாலை டீ தூக்கத்தைக் குறைக்கிறது." (இங்கிலீஷில் எழுதியதைத் தமிழில் சொல்கிறேன்.) "நாற்பது பேரிடம் கேட்டுவிட்டு இப்படி அடித்துச் சொல்லலாமா? இதுவா இலக்கணம்?" என்றார். வாயே திறக்கவில்லை. அந்தப் பென்சில் நுனி இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

பெஞ்ச்கடைசி
குறிப்பே தேவையில்லை. எல்செவியர் ஆய்வுப் பத்திரிகைகளே வெறும் எழுத்துப்பிழை, இலக்கணச் சரிபார்ப்புக்கு அறிவிப்புக் கேட்பதில்லை. நீங்களாகப் போய்க் காட்டிக்கொடுத்துவிட்டீர்கள்.

சிவப்புமை
பெஞ்ச்கடைசி, பத்திரிகை விதி பத்திரிகைக்கு. வகுப்பில் போடச் சொன்னால் போடத்தான் வேண்டும். அதோடு, அவர் வாக்கியத்தின் பொருளே மாறியிருக்கிறது, அது எந்த விதியிலும் சரிபார்ப்பு ஆகாது.

நான் தாள் திருத்துகிறவள். நிலாவாசல், "இன்னும் நன்றாக எழுது" என்று கேட்டிருப்பீர்கள். அப்படிக் கேட்டால் "இருக்கலாம்", "பெரும்பாலும்" எல்லாம் முதலில் பறந்துவிடும். "பிழையை மட்டும் திருத்து, சொல்லை மாற்றாதே" என்று கேட்டாலும் முழுசாக நம்ப முடியாது. பழைய வரைவைத் தனியாக வைத்துக்கொண்டு, வேர்டில் Review போய் Compare கொடுங்கள். மாறியதெல்லாம் நிறத்தில் தெரியும். அதைப் பார்த்த பிறகுதான் குறிப்பை எழுத வேண்டும். என் மாணவர் ஒருவர் எழுதியது இது, நான் கேள்வியே கேட்கவில்லை:

"முன்னுரை, முடிவுரை இரண்டையும் நானே எழுதி, மார்ச் 4 அன்று சாட்ஜிபிடியில் இலக்கணம் திருத்தினேன். தரவு, அட்டவணை, மேற்கோள்களை அதில் கொடுக்கவில்லை. மாற்றங்களை வரிவரியாகப் பார்த்து, பொருள் மாறிய இரண்டு வாக்கியங்களைப் பழையபடி வைத்தேன். முதல் வரைவு என்னிடம் உள்ளது."

அந்த "இரண்டு வாக்கியங்கள்" போதும், ஆள் உட்கார்ந்து படித்திருக்கிறார் என்று தெரிந்துவிடும்.

மழைக்காலம்
எனக்கு டர்னிடின் 18 சதவீதம் காட்டியது. குறிப்புப் போட்டால் குறையுமா?

சிவப்புமை
குறையாது. அந்த எண்ணின் வேலை வேறு. மற்ற நூல்களோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதா, ஏஐ எழுத்து என்ற கணிப்பா என்று முதலில் பாருங்கள்.

நிலாவாசல்
ஆமாம், "நன்றாக எழுது" என்றுதான் கேட்டேன். பழைய வரைவின் மேலேயே சேமித்தும் விட்டேன். வாட்ஸப்பில் தோழிக்கு அனுப்பியது இருந்ததால் தப்பித்தேன். மேடம் திரும்ப எழுதச் சொன்னார், அவ்வளவுதான்.

கரிசல்காடு
எனக்கு ஒரு குழப்பம். நான் தமிழில் யோசித்து தமிழிலேயே எழுதி, ஏஐ-யிடம் இங்கிலீஷாக்கச் சொல்கிறேன். கருத்து முழுக்க என்னுடையது. இதை "மொழித் திருத்தம்" என்று போடலாமா?

பெஞ்ச்கடைசி
தாராளமாக.

சிவப்புமை
வேண்டாம். மொழிபெயர்ப்பு என்றே எழுதுங்கள். அதற்கு அனுமதி உண்டா என்று உங்கள் ஆசிரியரிடம் தாள் கொடுக்கும் முன்பே கேளுங்கள். என் துறையிலேயே இதில் இரண்டு பேருக்கு இரண்டு கருத்து.